ஒரே பள்ளி, மூன்று எழுத்து: செய்தி, சிறப்புக் கட்டுரை, தலையங்கம் எழுதும் முறை

இதழியல் மாணவர்களின் எழுத்தைத் திருத்த உட்கார்ந்தால் ஒரே சிக்கல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். செய்தி என்று தருவதில் பாதி தலையங்கமாக இருக்கும். தலையங்கம் என்று தருவது செய்தியை மறுபடி சொல்லிவிட்டுக் கடைசியில் "அரசு கவனிக்குமா?" என்று கேட்டு நின்றுவிடும். சிறப்புக் கட்டுரை என்பது செய்தியோடு நாலு உரிச்சொல் சேர்த்த நீண்ட செய்தியாக இருக்கும். நடையைத் திருத்தினால் இது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் கோளாறு அதற்கு முன்பே, குறிப்பேட்டில் தொடங்குகிறது. மூன்றுக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே குறிப்பை எடுத்துவந்து, எழுதும் மேசையில் மூன்றாகப் பிரிக்கப் பார்க்கிறார்கள். அது நடக்காது.

எனவே ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு மூன்றாகவும் எழுதிப் பார்ப்போம். தமிழக அரசின் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இதற்கு வசதியானது. திட்டத்துக்குத் தெளிவான தொடக்க நாள் இருக்கிறது, எண்கள் இருக்கின்றன, எந்த ஊரிலும் போய்ப் பார்க்கத்தக்க ஒரு சமையலறை இருக்கிறது, வாதிட ஒரு விஷயமும் இருந்தது.

முதல் படி: வாசகர் என்ன கேட்கிறார்?

செய்தி படிப்பவர் "என்ன நடந்தது?" என்று கேட்கிறார். சிறப்புக் கட்டுரை படிப்பவருக்கு என்ன நடந்தது என்பது பெரும்பாலும் தெரியும், "அது உள்ளே எப்படி இருக்கிறது, யாரை எப்படித் தொடுகிறது?" என்பதுதான் அவர் கேள்வி. தலையங்கம் படிப்பவர் "சரி, இதில் இந்தப் பத்திரிகை என்ன சொல்கிறது, ஏன்?" என்று கேட்கிறார்.

அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் குறிப்பேட்டின் மேலே இந்த மூன்றில் எது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். செய்தி என்றால் பள்ளிகளின் எண்ணிக்கை, தொகை, தேதி, சொன்னவரின் பெயர், பதவி வேண்டும். சிறப்புக் கட்டுரை என்றால் அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றுகிறது என்று தெரிய வேண்டும். தலையங்கம் என்றால் அரசாணையும் முந்தைய கொள்கையும் எதிர்த் தரப்பின் வாதமும் கையில் இருக்க வேண்டும். ஒன்றுக்குச் சேகரித்தது மற்றொன்றுக்கு ஓரளவு உதவும், போதாது.

செய்தி: முதல் இரண்டு வாக்கியங்களில்தான் உழைப்பு

2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கி வைத்து, பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டார். ஒரு மாணவர் இதைப் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்:

"பேரறிஞர் அண்ணாவின் பிறந்தநாளை முன்னிட்டு மதுரையில் இன்று நடைபெற்ற பிரம்மாண்ட விழாவில் கலந்துகொண்ட தமிழக முதல்வர், ஏழை எளிய மாணவர்களின் பசியைப் போக்கும் வகையில் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குக் காலை உணவு வழங்கும் மகத்தான திட்டத்தைத் தொடங்கி வைத்தார்."

"பிரம்மாண்ட", "மகத்தான" இரண்டையும் அடித்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. நீண்ட வாக்கியத்தில் நிகழ்ந்தது என்ன என்பது வாசகருக்கு ஒரு பத்தி தாண்டித்தான் தெரிகிறது. விழா, பிறந்தநாள், முதல்வர் எல்லாம் முன்னே வந்து உட்கார, காலை உணவு பின்னால் போய்விடுகிறது. இதற்கு ஒரே வழி முகப்பை இரண்டு சிறு வாக்கியங்களாக உடைப்பது. நிகழ்வை முதலாவதில் முடித்துவிடுவது.

"மதுரை, செப்.15: அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்குக் காலை உணவு வழங்கும் திட்டம் மதுரையில் வியாழக்கிழமை தொடங்கியது. முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில் 1,14,095 மாணவர்களுக்கு இந்த உணவு வழங்கப்படும் என்று அரசு தெரிவித்துள்ளது."

கடைசி மூன்று சொற்களைக் கவனியுங்கள். ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைந்த பிள்ளைகள் சாப்பிட்டதை நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எண் அரசுடையது, எனவே அரசின் வாயிலேயே இருக்கட்டும். அரசுச் செய்திக் குறிப்பில் வரும் "பயன்பெறுவர்" என்ற சொல்லையும் அப்படியே எடுக்காதீர்கள். பயன் கிடைத்ததா என்பது இனிமேல் தெரிய வேண்டியது. இன்றைக்குத் தெரிந்தது உணவு வழங்கப் போகிறார்கள் என்பது மட்டும்தான்.

இரண்டாவது பத்தியில் தொடங்கி வைத்தவரும் இடமும் வரலாம். மூன்றாவதில் பின்னணி: 2022 மே 7 அன்று சட்டப்பேரவையில் 110-ஆவது விதியின் கீழ் வந்த அறிவிப்பு, முதற்கட்டத்துக்கு ஒதுக்கிய ரூ.33.56 கோடி. நான்காவதில் உணவுப் பட்டியல். அதற்கும் கீழே தமிழகத்தில் மதிய உணவின் வரலாறு ஒரு வரி. எழுதி முடித்ததும் கீழிருந்து ஒவ்வொரு பத்தியாகக் கையால் மூடிப் பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் மேலே இருப்பது முழுச் செய்தியாக நிற்க வேண்டும். தலைகீழ்ப் பிரமிடு என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். இடம் போதாதபோது பக்கம் போடுபவர் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார். உங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

எண்களில் ஒரு எச்சரிக்கை. ரூ.33.56 கோடியை 1,14,095-ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்குச் சுமார் ரூ.2,940 வரும். அதை உடனே பள்ளி நாட்களால் வகுத்து "ஒரு காலை உணவுக்கு இவ்வளவு" என்று எழுதக் கை பரபரக்கும். அந்தத் தொகை எத்தனை வேலைநாட்களுக்கு, அதில் பாத்திரமும் அடுப்பும் சேர்த்தியா, சமைப்பவர் ஊதியம் உண்டா என்று கேட்காமல் வகுத்தால் கிடைப்பது பொய்க் கணக்கு. கேட்க ஆள் கிடைக்கவில்லையென்றால் மொத்தத் தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சென்னையிலோ மதுரையிலோ நடந்த விழாவைப் பெரிய நாளிதழ்கள் எழுதிவிடும். மாணவ இதழுக்கு வேண்டியது உங்கள் ஊர்ப் பள்ளி. அங்கே மூன்று எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பதிவேட்டில் எத்தனை பேர், அன்று வந்தவர்கள் எத்தனை பேர், சாப்பிட்டவர்கள் எத்தனை பேர். மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. தலைமையாசிரியர் முதலில் சொல்வது பெரும்பாலும் பதிவேட்டு எண்ணாக இருக்கும். வந்த பிள்ளைகளில் பத்துப் பேர் சாப்பிடவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். வீட்டிலேயே சாப்பிட்டு வந்திருக்கலாம், பேருந்து தாமதமாகியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அந்த விடையில்தான் செய்திக் குறிப்பில் இல்லாத செய்தி இருக்கும்.

சொன்னவர் சொன்னதை எழுதும்போது "கூறினார்", "தெரிவித்தார்", "என்றார்" போதும். "ஒப்புக்கொண்டார்" என்றால் அவர் எதையோ மறைத்துவைத்திருந்தார் என்றாகிறது. "சமாளித்தார்" என்பது தீர்ப்பு. "விளக்கினார்" என்பதுகூட அவர் சொன்னது சரி என்று நீங்கள் ஏற்றுக்கொண்ட தொனி தரும். ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று கூச்சப்பட வேண்டாம். செய்தியில் வாசகர் அந்தச் சொல்லைக் கவனிப்பதே இல்லை.

நீளம் 250 முதல் 300 சொல். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் மேடைப் பேச்சு உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

சிறப்புக் கட்டுரை: ஒரு கேள்வி, ஒரு இடம், இரண்டு முறை போவது

"காலை உணவுத் திட்டம் பற்றி ஒரு ஃபீச்சர்" என்று ஆசிரியரிடம் போய் நிற்காதீர்கள். அது தலைப்பு, கட்டுரை அதற்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. பல சிற்றூர்ப் பள்ளிகளில் காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். சமைப்பவரின் பிள்ளையும் அங்கேயே படிப்பது உண்டு. இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது: பள்ளி தொடங்கும் முன் தட்டில் சூடாக உணவு விழ வேண்டுமென்றால் அந்தப் பெண்ணின் காலை எப்போது தொடங்குகிறது, அவர் வீட்டு அடுப்பு எப்போது பற்றுகிறது? இது ஒரு கட்டுரைக்குப் போதும். மற்றதெல்லாம் இந்தக் கேள்விக்குத் துணையாக வரட்டும்.

இதை எழுத வேண்டுமென்றால் அவர் சமையலறைக்கு வரும் முன்பே நீங்கள் அங்கே நிற்க வேண்டும். எட்டரை மணிக்குப் போய், பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "காலையில் என்னென்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டு எழுதினால் அது நேர்காணல் மட்டும்தான். நீங்கள் கண்ணால் பார்த்ததும் அவர் சொன்னதும் குறிப்பேட்டில் தனித்தனியாக இருக்கட்டும். பக்கத்தின் இடப்புறம் பார்த்தது, வலப்புறம் கேட்டது என்று கோடு கிழித்துக்கொள்வது எளிய வழி.

அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். திட்டம் தொடங்கியபோது வந்த வரையறைப்படி ஒரு பிள்ளைக்கு அரிசி, ரவை, சேமியா போன்றவற்றில் ஒன்று 50 கிராம். சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறி. பட்டியலில் திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போய், வெள்ளிக்கிழமை கேசரியும் வரும். 60 பிள்ளைகள் இருக்கும் பள்ளி என்று வைத்துக்கொண்டால் மூன்று கிலோ ரவை, 900 கிராம் பருப்பு. மூன்று கிலோ ரவையைக் கட்டி தட்டாமல் கிளற எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும், எத்தனை கை வேண்டும் என்று யோசித்தால் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். "கடுமையாக உழைக்கிறார்" என்று நீங்கள் எழுத வேண்டிய அவசியமே வராது.

தொடக்கம் எப்படி இருக்கலாம் என்று காட்ட ஒரு மாதிரி. இது வடிவம் காட்டக் கற்பனையாக எழுதியது. நீங்கள் எழுதும்போது ஒவ்வொரு விவரமும் பார்த்ததாக இருக்க வேண்டும்:

"வெங்காயம் நறுக்கும்போதே அவர் வாசலை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். எரிவாயு உருளை மாற்ற வேண்டும், ஆள் வரவில்லை. மணி ஆறு பத்து. எட்டேகாலுக்கு முதல் தட்டு."

இதில் உரிச்சொல் ஏதும் இல்லை. ஆனால் ஒரு நெருக்கடி இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது. வாசகர் அடுத்த பத்திக்கு வந்துவிடுவார். இதே இடத்தில் "கதிரவன் கண்விழிக்கும் முன்பே" என்று தொடங்கும் கட்டுரைகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கதிரவனை விட்டுவிடலாம்.

மூன்றாவது அல்லது நான்காவது பத்தியில் காட்சியை நிறுத்திவிட்டு, இந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்று நேராகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். காட்சி நன்றாக வந்துவிட்ட மகிழ்ச்சியில் அதையே நீட்டிக்கொண்டு போவார்கள். வாசகருக்கு எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமல் போகும். இங்கே வரலாறு உதவும். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் 1920-இல் தொடங்கியது பள்ளி உணவு. 1950-களில் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுக்கப் போனது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். மதிய வேளைக்கு இத்தனை நீண்ட கதை இருக்க, காலை வேளைக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்ற ஒரு பத்தி, உங்கள் சமையலறைப் பெண்ணை அந்த நீண்ட வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும். அந்த ஒரு பத்தி போதும். பிறகு சமையலறைக்குத் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் முறை போவது எதற்கு? முதல் நாள் உங்களைப் பார்த்து எல்லாம் ஒழுங்காக நடக்கும். நான்கு நாள் கழித்துச் சொல்லாமல் போனால் வழக்கமான காலை தெரியும். கேட்ட விவரங்களைச் சரிபார்க்கவும் அதுவே சமயம். ஊதியம் எவ்வளவு, மாதா மாதம் வருகிறதா என்பதை அவரிடமும் கேளுங்கள், குழுவின் பொறுப்பாளரிடமும் கேளுங்கள். பிள்ளைகளின் பெயரையும் முகத்தையும் போடும் முன் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்க வேண்டும். "அப்பா வேலைக்குப் போகாததால் பட்டினி கிடந்தவன்" என்று ஒரு பிள்ளையைப் பெயரோடு எழுதிவிட்டு நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அவன் மறுநாளும் அதே வகுப்பில் உட்கார வேண்டும்.

சில சமயம் சிறப்புக் கட்டுரைக்குப் போன இடத்தில் செய்தி கிடைக்கும். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் பிள்ளைகள் காலை உணவைச் சாப்பிடுவதில்லை என்ற செய்தி வந்தது. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் அங்கே போய்ப் பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டார்கள். இப்படி ஒன்றைச் சமையலறையில் கேள்விப்பட்டால், அழகான மூன்றாவது பத்தியாக அதை எடுத்துவைத்துக்கொண்டு அடுத்த மாதம் வெளியிடக் கூடாது. அன்றே ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். சமைப்பவர், பெற்றோர், தலைமையாசிரியர், அதிகாரி என்று நான்கு தரப்பையும் கேட்டுச் செய்தியாக எழுத வேண்டும். சமைப்பவரின் கட்டுரை பிறகு வரட்டும்.

தலையங்கம்: ஒரே கோரிக்கை, யாரிடம் என்று தெளிவாக

தலையங்கத்தில் எழுதியவர் பெயர் வராது, பேசுவது பத்திரிகை. மாணவ இதழ் என்றால் ஆசிரியர் குழு உட்கார்ந்து பேசி முடிவெடுத்த நிலைப்பாடாக அது இருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் தோன்றியதை உங்கள் பெயரில் நடுப்பக்கக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்ட் 25 அன்று திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது. திருக்குவளையில் தொடங்கிய இந்தக் கட்டத்தில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அரசு உதவிபெறும் பள்ளிகள் அப்போது இதில் சேரவில்லை. அந்த நாட்களில் தலையங்கம் எழுத உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருக்கலாம்? "காலை உணவுத் திட்டம் வரவேற்கத்தக்கது, ஆனால் சிறப்பாகச் செயல்பட வேண்டும்" என்பது தலையங்கமே அல்ல; அதை மறுக்க ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். யாராவது மறுக்கக்கூடியதைச் சொன்னால்தான் வாதம் தொடங்கும். "உதவிபெறும் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கும் அடுத்த கல்வியாண்டுக்குள் இத்திட்டத்தை அரசு விரிக்க வேண்டும்." இது ஒரு கோரிக்கை. யாரிடம், எதை, எப்போதைக்குள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

இதை இரண்டாவது பத்திக்குள் சொல்லிவிடுங்கள். பிறகு சான்று. இங்கே வலுவான வாதம் அரசின் சொந்தக் கொள்கையிலேயே கிடைக்கிறது: மதியச் சத்துணவு உதவிபெறும் பள்ளிகளுக்கும் உண்டு. மதியம் வேறுபாடு பார்க்காத அரசு காலையில் ஏன் பார்க்க வேண்டும்? பசியைப் பற்றி உருக்கமாக நான்கு வரி எழுதுவதைவிட இந்த ஒரு கேள்வி கூர்மையானது.

அடுத்து ஆய்வுச் சான்று. திட்டம் நடந்த 1,543 பள்ளிகளில் 1,319-இல் மாணவர் வருகை கூடியிருப்பதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எடுத்துப் போடத் தூண்டும் எண். ஆனால் இது முன்பு, பின்பு என்ற ஒப்பீடு. அதே காலத்தில் திட்டம் இல்லாத பள்ளிகளில் வருகை எப்படி இருந்தது என்று தெரியாமல், கூடியது முழுக்க உணவால்தான் என்று தலையங்கம் அடித்துச் சொல்லக் கூடாது. "வருகை கூடியிருப்பதாகத் திட்டக் குழு கண்டிருக்கிறது, காலை உணவுக்கு அதில் பங்கு இருக்கலாம்" என்று எழுதினால் வாதம் கொஞ்சம் தளர்ந்தது போலத் தோன்றும். மறுநாள் யாரும் அதைப் பிடித்து உலுக்க முடியாது என்பதுதான் அதன் பலம்.

மூன்றாவது, எதிர்த்தரப்பு. அவர்கள் சொல்வதில் மிக வலுவானதை எடுங்கள். உதவிபெறும் பள்ளிகளை நடத்துவது தனியார் நிர்வாகம், செலவை அவர்களும் பகிரட்டும், அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஈர்க்கும் ஒரே வசதியையும் ஏன் எல்லோருக்கும் தர வேண்டும் என்பது நியாயமான வாதம். அதை ஒரு பத்தியில் அவர்களே ஏற்றுக்கொள்ளும்படி எழுதிவிட்டுப் பதில் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் கோரிக்கையைத் திருத்துங்கள்: கிராமப்புறப் பள்ளிகளிலிருந்து தொடங்கட்டும் என்று சுருக்கலாம். நடந்ததும் அந்த வழியில்தான். 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதியில் உள்ள 3,995 உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் திட்டம் போனது. இப்போது எழுதுபவர் வேறு கோரிக்கை தேட வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

400 முதல் 500 சொல்லுக்குள் முடியுங்கள். கடைசி வரி கேள்விக்குறியில் முடிந்தால், பெரும்பாலும் எழுதியவர் முடிவெடுக்கத் தயங்கினார் என்று பொருள்.

மூன்றும் கலந்தால் என்ன ஆகும்

2023 ஆகஸ்ட் இறுதியில், திட்டம் விரிந்த சில நாட்களிலேயே, ஒரு தமிழ் நாளிதழின் சில பதிப்புகள் முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டன. பிள்ளைகள் இருவேளை சாப்பிடுவதால் பள்ளிக் கழிவறைகள் நிரம்பி வழிகின்றன என்பது தலைப்பின் சாரம். பெரும் கண்டனம் எழுந்தது, முதல்வரே கண்டித்தார். இதழியல் மாணவர் இதை அரசியல் சண்டையாகப் படிக்காமல், எழுத்தின் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிக் கழிவறைகளின் நிலை நல்ல செய்திப் பொருள். எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கழிவறை, தண்ணீர் வருகிறதா, யார் சுத்தம் செய்கிறார்கள் என்று எழுதினால் அது செய்தி. காலை உணவு தேவையற்றது என்று அந்தப் பத்திரிகை கருதினால் தலையங்கத்தில் காரணத்தோடு வாதிடலாம். அதற்கும் உரிமை உண்டு. இரண்டையும் சேர்த்து, உணவுதான் காரணம் என்ற நிறுவப்படாத ஒரு தொடர்பைத் தலைப்பில் வைத்து, ஏளனத்தையும் ஊற்றியதில்தான் கோளாறு. செய்தி என்ற அடையாளத்தோடு வந்ததால் படிப்பவர் அதை நடந்த உண்மையாக எடுத்துக்கொள்வார். தலையங்கமாக வந்திருந்தால் கருத்து என்று தெரிந்து எதிர்வாதம் செய்திருப்பார்.

உங்கள் எழுத்தில் இந்தக் கலப்பைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒரு குறி போடுங்கள். பார்த்ததற்கு "பா", பிறர் சொன்னதற்கு "சொ", ஆவணத்திலிருந்து எடுத்ததற்கு "ஆ", நீங்களே நினைத்ததற்கு "நி". செய்தியில் "நி" ஒன்றுகூட இருக்கக் கூடாது. சிறப்புக் கட்டுரையில் "பா" நிறைய இருக்க வேண்டும்; "சொ" மட்டும் நிறைந்திருந்தால் மறுபடி போய் வர வேண்டும். தலையங்கத்தில் ஒவ்வொரு "நி"க்கும் பக்கத்தில் ஒரு "ஆ" இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்புக்கும் இதே குறியைப் போடுங்கள். தலைப்பை நீங்கள் வைக்கவில்லை, பக்கம் போடும் நண்பர் வைத்தார் என்றாலும், அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.